மெழுகுதிரி வரைபடக் குறிப்பேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவில் நடந்த நிதிச் சந்தை விரிவுரை ஒன்றின் ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் பங்கு விலையையும் ஒரு திரியாக வரையும் மெழுகுதிரி வரைபடத்தின் வடிவங்களுக்கு விளக்கமும் எச்சரிக்கையும் சேர்த்த குறிப்பேடு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் அதைப் படித்துப் பார்ப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதை விட்டு, இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா வடிவங்களையும் இதில் எடுக்கவில்லை. இறங்கும் விலை திரும்பப்போகிறது என்பதற்கு அடையாளமாகச் சொல்லப்படும் சுத்தியல் என்ற ஒரு வடிவத்தை எடுத்து, அதையே முழுமையாகப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மெழுகுதிரி என்றால் நான்கு விலைகள்தானே? அதற்குள் அப்படி என்ன இருக்கிறது?

நான்கு விலைகள்தான். தொடக்க விலை, அன்றைய உச்சம், அன்றைய அடி, முடிவு விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி உடல். உடலுக்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் நிழல்கள். நாள் முழுவதும் விலை எங்கெல்லாம் போய் எங்கே வந்து நின்றது என்பதை ஒரே பார்வையில் காட்டுவதுதான் இதன் பயன்.

காட்டாதவையும் உண்டு. உச்சம் முதலில் வந்ததா, அடி முதலில் வந்ததா என்று திரி சொல்லாது. அந்த அடி விலையில் எத்தனை பேர் விற்றார்கள், எத்தனை பங்குகள் கைமாறின என்றும் சொல்லாது. கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இந்தக் குறையிலிருந்து பிறந்தவை.

பச்சை என்றால் விலை ஏறியது, சிவப்பு என்றால் இறங்கியது. சரிதானே, டீச்சர்?

அன்றைய தொடக்க விலையோடு ஒப்பிட்டால் மட்டும் சரி. நேற்று 50 ரூபாயில் முடிந்த பங்கு இன்று 47இல் தொடங்கி 48இல் முடிந்தால் திரி பச்சையாகத்தான் இருக்கும். பங்கை வைத்திருப்பவருக்கோ 2 ரூபாய் நட்டம். ஜப்பானில் ஏற்றத்துக்குத்தான் சிவப்பு. ஆகவே எந்த வரைபடத்தைத் திறந்தாலும் நிற ஒழுங்கு எப்படி என்பதை முதலில் பாருங்கள்.

இதை அரிசி வியாபாரிகள்தான் கண்டுபிடித்தார்களாம். அப்படியானால் நம் நெல் விலைக்கும் வரையலாமா?

ஜப்பானின் ஒசாக்கா நகரில் இருந்த தோஜிமா அரிசிச் சந்தை 1730இல் அரச அங்கீகாரம் பெற்றது. சக்காட்டா என்ற ஊரைச் சேர்ந்த ஹொம்மா முனேஹிசா என்ற அரிசி வணிகரின் பெயரோடு மெழுகுதிரி வரைபடத்தைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். விரிவுரையாளரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் இன்று நாம் வரையும் உருவத்தில் அவரே வரைந்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதனால் குறிப்பேட்டில் “என்று சொல்லப்படுகிறது” என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தேன்.

முருங்கனிலோ இரணைமடுப் பக்கத்திலோ அறுவடைக் காலத்தில் கேட்கும் நெல் விலைக்குத் திரி வரைய முடியாது. களத்தடிக்கு வரும் வியாபாரி ஒரு விலை சொல்கிறார், அடுத்தவர் இன்னொன்று சொல்கிறார், நெல் சந்தைப்படுத்தும் சபையின் உத்தரவாத விலை வேறாக நிற்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே தர நெல்லுக்கு, நேரம் குறித்துப் பதிவு செய்த விலைகள் இருந்தால்தான் தொடக்கம், உச்சம், அடி, முடிவு என்ற சொற்களுக்குப் பொருள் உண்டு. தோஜிமாவில் அது இருந்தது. கொழும்புப் பங்குச் சந்தையிலும் இருக்கிறது.

விரிவுரையில் சொன்னதை அப்படியே தட்டச்சுச் செய்து படங்களையும் ஒட்டினால் போதாதா?

போதாது. விரிவுரை மேடையில் காட்டப்படும் படங்கள் பலித்த படங்கள். சுத்தியல் வந்தது, விலை திரும்பியது, மண்டபம் தலையாட்டியது. பலிக்காத சுத்தியல்களை யாரும் படமெடுத்து வைப்பதில்லை. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வடிவத்தை விளக்க வேண்டுமென்றால் தெளிவான படத்தைத்தான் எவரும் எடுப்பார்கள். ஆனால் அதைப் பார்த்துக் கற்றவர் வடிவத்தோடு சேர்த்து அதன் பலிப்பையும் கற்றுவிடுகிறார்.

இன்னொன்று, அன்று காட்டப்பட்ட வரைபடங்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பெருநிறுவனப் பங்குகளும் நாணயச் சோடிகளும். அங்கே ஒரு நிமிடத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் நமது சிறிய பங்கு ஒன்றில் ஒரு மாதத்திலும் நடக்காது. அதனால் விரிவுரையாளர் சொன்னதை நீலத்திலும், நான் அளந்ததைக் கறுப்பிலும், எச்சரிக்கையைச் சிவப்பிலும் எழுதுகிறேன். நீலத்தில் இருப்பதை நான் திருத்துவதில்லை. அது அவர் கூற்று. ஒலிப்பதிவில் எத்தனையாவது நிமிடத்தில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறிக்கிறேன்.

அவர் காட்டிய படங்களை ஒட்டவில்லை. அனுமதி கேட்டபோது சொற்களைப் பயன்படுத்தச் சம்மதித்தார். படங்கள் பிறருடையவை என்பதால் நானே புதிதாக வரைகிறேன்.

ஒரு வடிவத்துக்கு ஒரு பக்கம் என்றால் அதில் என்னென்ன எழுதுவீர்கள்? சுத்தியலை வைத்துச் சொல்லுங்கள்.

நீலத்தில் விரிவுரையாளரின் வரி: “விலை இறங்கிக்கொண்டு வரும்போது, கீழே நீண்ட நிழலும் மேலே சிறிய உடலும் கொண்ட திரி வந்தால், விற்பவர்கள் விலையை அமுக்கப் பார்த்தார்கள், வாங்குபவர்கள் மீட்டுவிட்டார்கள் என்று பொருள்.” அதன் கீழே கறுப்பில், எந்த அளவு இருந்தால் இதைச் சுத்தியல் என்று ஒப்புக்கொள்வது, அதற்கு முன் விலை எப்படி நகர்ந்திருக்க வேண்டும், மறுநாள் எது நடந்தால் உறுதி, எது நடந்தால் வடிவம் முறிந்தது என்ற நான்கும் வரும். பிறகு சிவப்பில் எச்சரிக்கைகள்.

முறிவு விலையை விட்டுவிட்டு எழுதும் குறிப்புகள்தான் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. சுத்தியலுக்கு அது எளிது. நிழலின் அடி விலைக்குக் கீழே முடிவு விலை போனால், வாங்குபவர்கள் மீட்டார்கள் என்ற கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் “இன்னும் திரும்பும்” என்று காத்திருப்பதற்கு இந்த வடிவத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

“நீண்ட நிழல்”, “சிறிய உடல்” என்கிறார். நீண்டது என்றால் எவ்வளவு?

இதற்கு விடை இல்லாமல் குறிப்பேடே இல்லை. ஒருவர் கண்ணுக்கு நீளமாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது. அதைவிட மோசமானது, விலை ஏறிய பிறகு பார்க்கும் கண்ணுக்கு எல்லா நிழலும் நீளமாகவே தெரியும். அதனால் முன்கூட்டியே எண்ணில் கட்டிவிட வேண்டும். நான் எடுத்த அளவு: கீழ் நிழல் உடலின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். மேல் நிழல் அன்றைய முழு வீச்சில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. முந்தைய நாளின் முடிவு விலை, அதுவரையான பத்து நாள் சராசரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

எக்செல் தாளில் B தொடக்கம், C உச்சம், D அடி, E முடிவு என்று, பழைய நாள் மேலே வரும்படி இரண்டாவது வரிசையிலிருந்து நிரப்பியிருந்தால், பன்னிரண்டாவது வரிசையில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடலாம்:

```
=AND(C12>D12, MIN(B12,E12)-D12>=2*ABS(E12-B12), C12-MAX(B12,E12)<=0.1*(C12-D12), E11<AVERAGE(E2:E11))
```

இரண்டு மடங்கு என்பது பலரும் கையாளும் அளவு. பத்தில் ஒன்று, பத்து நாள் என்பவை என் தெரிவு. நீங்கள் வேறு வைக்கலாம். ஆனால் வைத்த பிறகு, பலித்த நாள்களை உள்ளே இழுப்பதற்காக மாற்றாதீர்கள்.

சுத்தியலும் தூக்குமனிதனும் ஒரே படம் மாதிரித்தான் இருக்கின்றன. எப்படி வேறுபடுத்துவது?

படத்தை வைத்து வேறுபடுத்த முடியாது, உருவம் ஒன்றேதான். இறக்கத்துக்குப் பின் வந்தால் சுத்தியல், ஏற்றத்துக்குப் பின் வந்தால் தூக்குமனிதன். மேலேயுள்ள சூத்திரத்தின் கடைசி நிபந்தனை இதற்காகத்தான். ஒற்றைத் திரியை வெட்டி எடுத்து “இது என்ன?” என்று குழுவில் போடுபவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. முந்தைய பத்து நாள்களையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன்.

கொழும்புப் பங்கு ஒன்றில் அச்சொட்டாகச் சுத்தியல் வந்தது. நம்பி வாங்கினேன், விலை இறங்கிவிட்டது. எங்கே பிழை?

சுத்தியல் பலிக்காமலும் போகும். அது ஒரு விடை. ஆனால் அந்த நாளின் கொடுக்கல் வாங்கல் பட்டியலைப் பார்த்தீர்களா? கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே அமைத்துச் சொல்கிறேன். பங்கு 52 ரூபாயிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. அன்று தொடக்கம் 44.50, உச்சம் 45.30, அடி 41.50, முடிவு 45.20. உடல் 70 சதம். கீழ் நிழல் 3 ரூபாய், உடலின் நான்கு மடங்குக்கு மேல். மேல் நிழல் வெறும் 10 சதம். சூத்திரம் சரி என்று சொல்லும்.

இப்போது பட்டியலைத் திறவுங்கள். காலையில் ஒருவர் 2,000 பங்குகளை விலை குறிப்பிடாமல் “கிடைக்கும் விலைக்கு விற்றுவிடுங்கள்” என்று கட்டளை கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் வாங்குவோர் வரிசையில் 44.50க்கு 1,200 பங்குகளும் 44.10க்கு 750 பங்குகளும்தான் இருந்தன. அதற்கு அடுத்த வாங்குபவர் வெகு கீழே, 41.50இல். மிச்சமிருந்த 50 பங்குகள் அந்த விலைக்குப் போயின. அடுத்த கொடுக்கல் வாங்கலே மீண்டும் 44.50இல் நடந்திருக்கிறது.

அந்த 50 பங்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அடி விலை 44.10. கீழ் நிழல் 40 சதம், உடலைவிடவும் சிறியது. சுத்தியல் மறைந்துவிட்டது. விற்பவர்கள் அமுக்கவும் இல்லை, வாங்குபவர்கள் மீட்கவும் இல்லை. ஒருவர் கவனக்குறைவாகக் கட்டளை கொடுத்தார், அவ்வளவுதான். சுத்தியல் பக்கத்தில் சிவப்பில் முதலாவதாக இருப்பது இந்த எச்சரிக்கை: நிழலின் கீழ்ப்பாதியில் எத்தனை கொடுக்கல் வாங்கல்கள் நடந்தன என்று பார்க்காமல் பெயர் வைக்காதே.

அப்படியானால் எந்தப் பங்குகளுக்கு இந்தக் குறிப்பேடு செல்லும்?

நாள்தோறும் நிறையக் கைமாறும் பங்குகளுக்கு. S&P SL20 சுட்டெண்ணில் உள்ள பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. அங்கேயும் மந்தமான நாள்களில் மேலே சொன்ன சோதனை வேண்டும்.

ஒற்றை ரூபாய்ப் பங்குகளுக்கு வேறு நோய். விலை 10 சதப் படிகளில் நகரும்போது, 1.00 ரூபாய்ப் பங்கு ஒரு படி இறங்கினாலே 10 வீதம் இறங்கிவிடுகிறது. தொடக்கம் 1.00, அடி 0.90, முடிவு 1.00 என்றால் வரைபடம் அதை நாள் முழுக்கக் கடும் போர் நடந்தது போல நீட்டிக் காட்டும். நடந்தது ஒரே ஒரு படி. இத்தகைய பங்குகளுக்கு எந்த வடிவத்தையும் படிக்க வேண்டாம் என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் உறுதியாகும்வரை காத்திருந்தால் விலை ஏறிவிடுகிறதே. பிறகு என்ன லாபம்?

உண்மைதான், உறுதிக்கு விலை உண்டு. அதே எண்களை எடுத்துக்கொண்டு, இம்முறை நிழல் உண்மையானது, பல நூறு பேர் விற்று வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். உறுதி என்பது மறுநாள் முடிவு விலை சுத்தியலின் உச்சமான 45.30ஐத் தாண்டுவது. தாண்டி 46.00இல் முடிகிறது, ஏறத்தாழ அதே விலைக்கு நீங்கள் வாங்குகிறீர்கள். 10 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குத் தரகும் கட்டணங்களும் வரியும் சேர்ந்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம். உங்கள் ஒப்பந்தக் குறிப்பில் உள்ள வீதத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 46.00க்கு வாங்கிய பங்கை 47.10க்கு விற்றால்தான் கைக்காசு திரும்பும். அதற்கு மேல்தான் லாபம் தொடங்குகிறது.

மறுபக்கம், வடிவம் முறிந்து 41.40க்கு விற்க நேர்ந்தால் விலையில் 4.60, கட்டணங்களில் ஏறக்குறைய 98 சதம், மொத்தம் பங்கொன்றுக்கு 5.58 ரூபாய் போகும். இது போட்ட பணத்தில் 12 வீதம். இந்த முயற்சியில் 2,000 ரூபாய் இழக்கலாம் என்று முடிவெடுத்தவர் 358 பங்குகளுக்கு மேல் வாங்கக்கூடாது. முறியும் நாளில் 41.40க்கு வாங்க ஆள் இருக்கும் என்பதும் உறுதியில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வாங்காமல் விடுபவர்களே அதிகம், அதில் பிழையும் இல்லை.

செய்தி எதுவும் இல்லை, ஆனால் ஒரே நாளில் விலை சட்டென்று கீழே விழுந்து பெரிய இடைவெளி தெரிகிறது. அதையும் இறக்கம் என்று எடுக்கலாமா?

பங்கிலாபம் அறிவித்த பங்கா என்று பாருங்கள். பங்குக்கு 3 ரூபாய் பங்கிலாபம் என்றால், அந்த உரிமை நீங்கிய நாளில் விலை ஏறத்தாழ அந்தளவு கீழே தொடங்கும். பங்குதாரருக்கு அது நட்டமல்ல, பணம் வேறு வழியாக வருகிறது. பங்குப் பிரிப்பும் உரிமை வழங்கலும் இதைவிடப் பெரிய பள்ளத்தைக் காட்டும். சில வரைபடச் சேவைகள் பழைய விலைகளைச் சரிசெய்து தருகின்றன, சில தருவதில்லை. சரிசெய்யாத தரவில் என் சூத்திரமும் ஏமாறும். பத்து நாள் சராசரிக்குக் கீழே என்ற நிபந்தனை இந்தப் பள்ளத்தாலேயே நிறைவேறிவிடும்.

சந்தை மூடியிருந்த காலங்களையும் கவனியுங்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது மார்ச் பிற்பகுதியிலிருந்து மே 11இல் மீண்டும் திறக்கும்வரை கொழும்புச் சந்தை இயங்கவில்லை. 2022 ஏப்ரல் 18 முதல் 22 வரையும் மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்தபோது சுட்டெண் சரிந்ததால் இடையிலேயே கொடுக்கல் வாங்கல் நிறுத்தப்பட்டது. வரைபடம் இந்த நாள்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, எதுவுமே நடக்காதது போலக் காட்டும். அந்த வாரங்களின் திரிகளை என் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

நானே எண்ணிப் பார்த்தேன். 20 சுத்தியல்களில் 12 தடவை ஐந்து நாள்களுக்குள் விலை கூடியது. 60 வீதம் நல்லதுதானே?

எண்ணியது நல்லது, பெரும்பாலானோர் அதுவரை வருவதே இல்லை. இப்போது இன்னொரு எண்ணிக்கை வேண்டும்: சுத்தியல் வந்ததா இல்லையா என்று பார்க்காமல், எல்லா நாள்களையும் எடுத்து, ஐந்து நாள் கழித்து விலை கூடியிருந்ததா என்று எண்ணுங்கள். 220 நாள்களில் 125 தடவை கூடியிருந்தால் அது 57 வீதம். 20க்கு 57 வீதம் என்றால் 11.4. உங்களுக்குக் கிடைத்தது 12. சுத்தியல் சேர்த்துத் தந்தது ஒரு தடவைகூட இல்லை. சந்தை ஏறும் ஆண்டில் கண்ணை மூடிக்கொண்டு எந்த நாளைத் தொட்டாலும் ஏறக்குறைய அதே அளவு பலிக்கும்.

“ஐந்து நாள்களுக்குள்” என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இடையில் ஒரு நாள் கூடிவிட்டு மீண்டும் இறங்கினாலும் பலித்ததாக எண்ணிவிடுவோம். ஐந்தாம் நாளின் முடிவு விலை என்று ஒரே புள்ளியில் நில்லுங்கள். சுத்தியலின் முடிவு விலையிலிருந்து எண்ணாமல், உறுதியான பிறகு வாங்கக்கூடிய விலையிலிருந்து எண்ணுங்கள். முந்தைய பதிலில் உள்ள கட்டணத்தையும் கழியுங்கள்.

ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். மார்ஷல், யங், ரோஸ் ஆகிய மூவரும் டவ் ஜோன்ஸ் சுட்டெண்ணின் பங்குகளை 1992 முதல் 2002 வரை எடுத்துச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். மெழுகுதிரி வடிவங்களை வைத்து வாங்கி விற்பதில் பயன் இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. மார்ஷலும் யங்கும் இன்னொருவரோடு சேர்ந்து டோக்கியோச் சந்தையைச் சோதித்தபோதும் முடிவு அதேதான். திரி பிறந்த நாட்டிலேயே அப்படி.

வட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஐந்து நிமிடத் திரியை வைத்து நாணயச் சோடியில் தினமும் உழைக்கலாம் என்கிறார். இதே வடிவங்கள்தானே?

உருவம் அதேதான். ஆனால் ஐந்து நிமிடத் திரியின் நிழல் சில சதங்களாகச் சுருங்கும்போது கட்டணமும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட வித்தியாசமும் சுருங்குவதில்லை. கொழும்பில் காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை ஐந்து நிமிடத் திரிகள் 60 வரும். பல பங்குகளில் அவற்றில் பெரும்பாலானவை வெறும் கோடுகள்.

நாணயச் சோடிக்குப் பங்குச் சந்தை போலப் பொதுவான ஒரே சந்தை இல்லை. உங்கள் திரையில் தெரியும் திரி, அந்தத் தளம் தானே தரும் விலைகளால் ஆனது. அதே நிமிடத்தில் வேறொரு தளத்தில் நிழல் வேறு நீளத்தில் இருக்கலாம். “தினமும் இவ்வளவு உறுதி, இன்னும் இருவரைச் சேர்த்துவிடுங்கள்” என்று அந்தத் தம்பி சொல்லத் தொடங்கினால், பேச்சு திரியை விட்டு விலகிவிட்டது. பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கி இதைத் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது.

விரிவுரையாளர் “நம்பகமான வடிவம்” என்கிறார். உங்கள் சிவப்புக் குறிப்பு “பயனில்லை” என்பது போல இருக்கிறது. எதை எடுப்பது?

“பயனில்லை” என்று எங்கும் எழுதவில்லை. சுத்தியல் பக்கத்தின் கடைசிச் சிவப்பு வரி இது: “இந்தப் பங்கில், இந்தக் காலத்தில், இந்த அளவுகோலில், சுத்தியல் நாள்கள் மற்ற நாள்களைவிட மேலாக இருக்கவில்லை.” பங்கின் பெயர், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, எத்தனை சுத்தியல்கள், அவற்றில் எத்தனை ஒற்றைக் கட்டளையால் பிறந்தவை என்பனவும் கூடவே இருக்கின்றன. விரிவுரையாளர் சொன்னது வேறு சந்தையின் வரைபடங்களைப் பார்த்து. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அவரிடம் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். சுத்தியலை நம்பகமான வடிவம் என்று அவர் சொன்ன இன்னொரு நீல வரியில் “நம்பகமான” என்பதை “பிரபலமான” என்று மாற்றித் தரும்படி கேட்டு எழுதியிருந்தார். ஒலிப்பதிவில் இருப்பதை மாற்றாமல், அவருடைய திருத்தத்தைத் திகதியோடு அதன் கீழே சேர்த்திருக்கிறேன்.